பந்தயத்தின் நடுவே இணையம் அறுந்தால் பணம் என்னவாகும்?

புதன்கிழமை மாலை 5.58 மணி என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து சிராங்கூன் சாலையில் நடந்து வருகிறார் ஒருவர். 4டி குலுக்கலுக்கான விற்பனை ஆறு மணிக்கு மூடிவிடும். கைப்பேசியில் சிங்கப்பூர் பூல்ஸ் கணக்கைத் திறந்து, வழக்கமாக எழுதும் எண்ணை ‘பிக்’ வகையில் இரண்டு வெள்ளிக்குப் போட்டு, உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துகிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. அப்படியே நின்றுவிடுகிறது. மேலே பார்த்தால் சிக்னல் இல்லை.

ஆறரை மணிக்குக் குலுக்கலில் அதே எண் முதல் பரிசாக வந்தால் அவருக்கு 4,000 வெள்ளி கிடைக்குமா? 'நான் ஆறு மணிக்கு முன்பே அழுத்திவிட்டேன்' என்று அவர் சொல்வது செல்லுமா?

அழுத்திய நேரம் கணக்கில் வராது. பந்தயத்தை நடத்துபவரின் சர்வரில் அது பதிவான நேரம்தான் கணக்கு. கைப்பேசித் திரையில் நாம் பார்ப்பது அங்கிருக்கும் கணக்குப் புத்தகத்தின் ஒரு நிழல் மட்டுமே. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பொத்தானை அழுத்திய பிறகு மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். முதலாவது, கோரிக்கை கைப்பேசியை விட்டே கிளம்பியிருக்காது. அப்படியானால் பந்தயமே இல்லை, பணமும் கழிந்திருக்காது. இரண்டாவது, கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே நிராகரிக்கப்பட்டிருக்கலாம். 4டியில் ஒவ்வோர் எண்ணுக்கும் விற்பனை வரம்பு உண்டு. பலரும் ஒரே எண்ணை எழுதினால் அது விற்றுத் தீர்ந்ததாகிவிடும். கார் விபத்துச் செய்தி ஒன்று பரவினால் அந்தக் காரின் எண்ணுக்கு என்ன நடக்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. மூன்றாவது, கோரிக்கை போய்ச் சேர்ந்து, ஏற்கப்பட்டு, பணமும் கழிக்கப்பட்டிருக்கும். 'ஏற்றுக்கொண்டோம்' என்று திரும்பி வந்த பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்றும் கைப்பேசித் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். சுற்றிக்கொண்டிருக்கும் அதே வட்டம்.

அதனால் சிக்னல் வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, அதே எண்ணை மறுபடி போட்டு அழுத்துவது. நடந்தது மூன்றாவது வகையாக இருந்தால் இப்போது இரண்டு பந்தயங்கள் பதிவாகிவிடும். இரண்டு வெள்ளி நான்காகிவிடும். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து அனுப்பும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் 'இது ஏற்கெனவே வந்ததுதான்' என்று சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் செயலியை மூடித் திறந்து, புதிதாக எண்ணைத் தட்டிப் போட்டால் அது புதிய கோரிக்கைதான். ஒரே எண்ணை வேண்டுமென்றே இரண்டு முறை எழுதுபவர்களும் இருப்பதால் சர்வர் அதைத் தடுக்க முடியாது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வழி எளிது. மறுபடி போடுவதற்கு முன் கணக்கில் நுழைந்து இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, கணக்கில் உள்ள மிச்சப் பணம். இன்னொன்று, வைத்த பந்தயங்களின் பதிவு. பதிவில் அந்தப் பந்தயம் அதற்குரிய எண்ணோடு இருந்தால் அது நடப்பில் இருக்கிறது. பரிசு விழுந்தால் கணக்கில் தானாகச் சேரும். பதிவில் இல்லை என்றால் பந்தயம் இல்லை. சிக்னல் திரும்பும்போது மணி 6.01 ஆகி, பதிவும் இல்லை என்றால் அன்றைய குலுக்கலுக்கு வேறு வழியில்லை. திரையைப் படம் பிடித்து வைத்திருந்தாலும், அது அழுத்தியதற்குத்தான் சாட்சி. ஏற்கப்பட்டதற்குச் சாட்சி ஆகாது.

கடையில் வாங்கும் சீட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே இயந்திரம் சீட்டை அச்சிட்டுக் கொடுப்பதே பதிலுக்குச் சமம். கையில் தாள் இருந்தால் பந்தயம் இருக்கிறது. அதைத் தொலைத்தால் பரிசு கேட்பது பெரும்பாடு. இணையத்தில் தாள் தொலையாது, ஆனால் தாள் அச்சானதா இல்லையா என்று சில நிமிடம் தெரியாமல் போகலாம்.

விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே வைக்கும் காற்பந்துப் பந்தயத்தில் இன்னொரு நெருடல் உண்டு. உலகெங்கும் இத்தகைய பந்தயங்களை ஏற்பதற்குச் சில விநாடி தாமதம் வைத்திருப்பார்கள். திடலில் கோல் விழுந்ததைத் தொலைக்காட்சிக்கு முன்பே அறிந்தவர் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாமதம். அந்தச் சில விநாடிக்குள் நமது இணைப்பு அறுந்தாலும் கோரிக்கை அங்கே வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கும். கைப்பேசியை அணைத்துவிட்டால் பந்தயம் ரத்தாகிவிடும் என்று நினைப்பது தவறு.

சீட்டாட்டம் ஏன் வேறு?

4டியிலோ டோட்டோவிலோ எண்ணைக் கொடுத்ததோடு நமது வேலை முடிந்துவிடுகிறது. குலுக்கல் நமக்காகக் காத்திருக்காது. நமது இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான். சீட்டாட்டம் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாம் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எதிரே இருப்பவர்களும் காத்திருக்கிறார்கள். ஒருவர் காணாமல் போனால் ஆட்டத்தை என்ன செய்வது?

இணையத்தில் போக்கர் ஆடத் தொடங்கிய காலத்தில், காணாமல் போனவருக்கு இரக்கம் காட்டினார்கள். அதற்கு ‘ஆல்-இன் பாதுகாப்பு’ என்று பெயர். ஒரு சுற்றில் நடுவே 60 வெள்ளி சேர்ந்திருக்கிறது. எதிராளி இன்னும் 40 வெள்ளி ஏற்றுகிறார். நான் அந்த 40ஐப் போட வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு 60ஐ விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் என் இணைப்பு அறுந்துவிட்டால், நான் கையிலிருந்த பணம் முழுவதையும் ஏற்கெனவே போட்டுவிட்டதாகக் கருதிக்கொள்வார்கள். மேற்கொண்டு பணம் கேட்க மாட்டார்கள். கடைசிச் சீட்டு வரை ஆட்டம் போகும். என் சீட்டு பெரிதாக இருந்தால் அந்த 60 எனக்கு.

நல்ல எண்ணத்தில் வந்த விதிதான். ஆனால் பலவீனமான சீட்டை வைத்திருப்பவர் 40 வெள்ளி கேட்கப்படும்போது என்ன செய்வார்? இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுவார். 40 வெள்ளி மிச்சம், 60ஐ வெல்லும் வாய்ப்பும் மிச்சம். இப்படிப் பிடுங்கியவர்கள் பெருகியதால், ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்று தளங்கள் கட்டுப்பாடு வைத்தன. அதுவும் போதாமல் போகவே, பாதுகாப்பையே எடுத்துவிட்டன. இப்போதைய வழக்கம் இது: இணைப்பு அறுந்தவருக்குச் சிறிது கூடுதல் நேரம் தரப்படும். அதற்குள் வராவிட்டால், பணம் ஏதும் கேட்கப்படாத நிலையில் அவர் அப்படியே தொடர்வார். பணம் கேட்கப்பட்டிருந்தால் அவருடைய சீட்டு கவிழ்க்கப்படும். போட்ட பணம் போனதுதான்.

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் சர்வருக்குத் தெரிவது மௌனம் மட்டுமே. கைப்பேசியிலிருந்து வரவேண்டிய சமிக்ஞை வரவில்லை என்பதை அது அறியும். சுரங்க ரயிலில் சிக்னல் போனதா, மின்தூக்கியில் ஏறினாரா, மின்கலம் தீர்ந்ததா, தோற்கப்போகிறோம் என்று தெரிந்து வேண்டுமென்றே அணைத்தாரா என்பதை அதனால் பிரித்தறிய முடியாது. ஆகவே, காணாமல் போவதால் யாருக்கும் லாபம் வரக்கூடாது என்பதையே விதி பார்க்கிறது. அதில் நேர்மையாக ஆடியவரும் அடிபடுகிறார்.

வீவக வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வீட்டு வைஃபையில் தொடங்கிய ஆட்டத்தோடு வெளியே இறங்குகிறோம். நடைவழியைத் தாண்டியதும் கைப்பேசி வைஃபையை விட்டுவிட்டு நிறுவனச் சிக்னலுக்கு மாறுகிறது. திரையில் சிக்னல் கோடுகள் முழுதாகவே இருக்கும். ஆனால் சர்வரின் பார்வையில், பேசிக்கொண்டிருந்த முகவரி மறைந்து வேறொரு முகவரி முளைக்கிறது. பழைய இணைப்பு அறுந்து, புதிதாகச் சேர வேண்டியிருக்கும். 'சிக்னல் நன்றாகத்தானே இருந்தது' என்ற புகாருக்குப் பல நேரங்களில் இதுவே விடை.

ரம்மியில் ஒரு கணக்கு

நம்மவர்களுக்குப் பழக்கமான 13 சீட்டு ரம்மியில் இதைப் பார்ப்போம். ஒரு புள்ளிக்கு 10 காசு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முதல் முறை சீட்டு எடுப்பதற்கு முன்பே இறங்கினால், ஊரில் ‘ஸ்கூட்’ என்பார்களே, அதற்கு 20 புள்ளி. நடுவில் இறங்கினால் 40. முழுத் தோல்விக்கு அதிகபட்சம் 80. இணையத் தளங்களில் பரவலாக இருந்த விதி, தொடர்ந்து மூன்று முறை ஆடாமல் விட்டால் நடுவில் இறங்கியதாகக் கணக்கு என்பது.

கையில் ஆர்ட்டின் 4, 5, 6 சுத்த வரிசையாக இருக்கிறது. ஸ்பேடில் 8, 9, 10, ஜாக்கி. மூன்று ராஜாக்கள் ஒரு செட். மிச்சம் கிளாவர் 2, 3, டைமன் 5. ஒரு கிளாவர் 4 வந்தால் போதும், டைமன் 5ஐக் கழித்து ஆட்டத்தை முடித்துவிடலாம். அதற்குள் எதிராளி முடித்தால் சேராத மூன்று சீட்டுக்கும் சேர்த்து 10 புள்ளிதான் நட்டம். ஒரு வெள்ளி.

இப்போது இணைப்பு அறுகிறது. நமது முறை வந்ததும் கடிகாரம் ஓடுகிறது. நேரம் முடிந்ததும் மூடிய கட்டிலிருந்து ஒரு சீட்டை நமக்காகச் சர்வர் எடுத்து, அதே சீட்டைக் கீழே போட்டுவிடும். அது கிளாவர் 4ஆகவே இருந்தாலும் போட்டுவிடும். அடுத்தவருக்குத் தேவைப்பட்டால் அவர் எடுத்துக்கொள்வார். இப்படி மூன்று முறை நடந்தால் ஆட்டத்திலிருந்து இறக்கிவிடப்படுவோம். 40 புள்ளி, நான்கு வெள்ளி. விளையாடித் தோற்றிருந்தால் ஒரு வெள்ளி, விளையாட முடியாமல் போனதால் நான்கு வெள்ளி. இருவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 30 விநாடி என்றால், இந்த மூன்று முறையும் இரண்டு, மூன்று நிமிடங்களுக்குள் ஓடிவிடும்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. எதிராளி ஆட்டத்தை முடித்தவுடன் நாமும் நமது சீட்டுகளை அடுக்கிக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் இணைப்பு இல்லை என்றால்? சில தளங்கள் சீட்டுகளைத் தாமே சேர்த்துக் கணக்கிடும். சில தளங்கள், இணைப்பு அறுவதற்கு முன் கடைசியாக நாம் அடுக்கியிருந்த அடுக்கையே எடுத்துக்கொள்ளும். மனத்தில் சேர்த்து வைத்திருந்து, திரையில் அடுக்காமல் விட்டிருந்தால் மேலே சொன்ன அதே கையின் மொத்தம் 92 வரும். வரம்பு 80 என்பதால் எட்டு வெள்ளி. ஒரே கை, ஒரே தோல்வி. அடுக்கியிருந்தால் ஒன்று, அடுக்காவிட்டால் எட்டு. காசில்லாமல் பொழுதுபோக்காக ஆடுபவர்களும் சீட்டு வந்தவுடன் திரையில் அடுக்கிவிடுவது இதனால்தான் நல்லது.

நமது இணைப்பு மட்டும் அறுந்ததா, சர்வரே விழுந்ததா என்பதும் முக்கியம். சர்வர் விழுந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆட்டம் நிற்கும். அப்போது அந்தச் சுற்றை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தருவதே பரவலான வழக்கம். ஒருவருக்கு மட்டும் அறுந்தால் அவருடைய பாடு. இதை உறுதிசெய்யும் விவரம் முழுவதும் தளத்தின் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் உரிமம் பெற்ற தளங்களுக்கான தொழில்நுட்ப விதிகளில் ‘இடைநின்ற ஆட்டம்’ என்றே ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறது. இடையில் நின்றால் என்ன செய்வோம் என்பதைத் தளங்கள் முன்கூட்டியே ஆடுபவருக்குச் சொல்ல வேண்டும், அந்த ஏற்பாடு நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது அது.

சிங்கப்பூரில் யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்விதான் நம்மூர் வாசகர்களுக்கு மிக முக்கியம். சிங்கப்பூரில் இணையம்வழிப் பந்தயத்தைச் சட்டப்படி நடத்துவது சிங்கப்பூர் பூல்ஸ் மட்டுமே. 2016 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவைக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சூதாட்டக்கூட வகை ஆட்டங்களும் போக்கரும் அதில் இல்லை. ஆகவே மேலே சொன்ன சீட்டாட்டச் சிக்கல், காசு வைத்து ஆடும்போது, சிங்கப்பூரில் சட்டப்பூர்வமாக எழவே வழியில்லை. அது எழுகிறது என்றால் ஆடும் இடம் சட்டவிரோதமானது.

2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, சட்டவிரோத நடத்துநரிடம் சூதாடுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தீபாவளிக்கு வீட்டில் உறவினர்களும் நண்பர்களும் உட்கார்ந்து சீட்டாடுவதற்கு அதே சட்டம் இடம் தருகிறது. யாரும் அதைத் தொழிலாக நடத்தக்கூடாது, வீட்டுக்காரர் கமிஷன் எடுக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆனால் அதே நண்பர்கள் செயலியில் கூடி, காசு வைத்து ஆடி, பிறகு பேநவ் மூலம் கணக்குத் தீர்ப்பதற்கு அந்தச் சலுகை இல்லை. நேரில் கூடி ஆடுவதற்கு மட்டுமே விலக்கு.

அப்படிப்பட்ட தளத்தில் இணைப்பு அறுந்து 300 வெள்ளி போனது என்று வைத்துக்கொள்வோம். போலிசிடம் சொன்னால் தம் குற்றத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நீதிமன்றம் போகலாம் என்றால், குடிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சூதாட்ட ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. அந்தத் தளத்தின் 'வாடிக்கையாளர் சேவை' என்பது பல நேரங்களில் ஒரு வாட்ஸ்அப் எண்தான். அங்கே 'உங்கள் இணைப்புதான் அறுந்தது' என்று பதில் வந்தால், அது உண்மையா என்று சரிபார்க்கும் பதிவு நம்மிடம் இல்லை. வெல்லும் நேரத்தில் மட்டும் ஆட்டம் உறைந்துபோகும்படி அவர்கள் செய்தாலும் நமக்குத் தெரியாது.

தளம் திடீரென்று திறக்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சட்டவிரோதச் சூதாட்டத் தளங்களை அதிகாரிகள் முடக்குகிறார்கள். ஆடுபவரின் கண்ணுக்கு அதுவும் இணைப்பு அறுந்தது போலத்தான் தெரியும். வேறுபாட்டை அறிய ஒரு வழி, அதே நேரத்தில் செய்தித் தளமோ வேறு செயலியோ திறக்கிறதா என்று பார்ப்பது. மற்றதெல்லாம் திறந்து, இது மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு நமது சிக்னலில் இல்லை. உள்ளே போட்டு வைத்த பணம் அங்கேயே நின்றுவிடும்.

ஊரில் இருக்கும் செயலிகளில் ஆடலாமே என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. இந்தியாவில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நெடுங்காலம் எடுத்துக்காட்டி வந்தார்கள். ஆனால் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் அத்தகைய ஆட்டங்களை நிறுத்திவிட்டன. இப்போதும் 'ஊர் ரம்மி' என்று சொல்லிக்கொண்டு காசு கேட்கும் செயலி எது என்றாலும், அது அங்கும் செல்லாது, இங்கும் செல்லாது. இழந்ததை மீட்க மறுபடி மறுபடி ஆடும் நிலைக்கு வந்துவிட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் 1800-6-668-668 என்ற தேசியச் சூதாட்டப் பிரச்சினை உதவி எண்ணை அழைக்கலாம்.

சட்டப்பூர்வமான பந்தயத்தில் பிணக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே புகார் கேட்க வாடிக்கையாளர் சேவை இருக்கிறது, அவர்களுக்கு மேலே சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. பேசுவதற்கு முன் சில விவரங்களைக் குறித்துக்கொள்வது நல்லது: அழுத்திய நேரம், எந்தக் குலுக்கல், எந்த எண், எவ்வளவு பணம், அழுத்துவதற்கு முன்னும் பின்னும் கணக்கில் இருந்த தொகை. வீட்டு வைஃபையா, கைப்பேசிச் சிக்னலா என்பதையும் சொன்னால் அவர்கள் தேடுவது எளிதாகும். தொகை குறைந்திருந்தும் பந்தயப் பதிவில் எதுவும் இல்லை என்றால்தான் அது உண்மையான கோளாறு. தொகை குறையவில்லை, பதிவும் இல்லை என்றால், அன்று அந்த எண்ணை அவர் எழுதவே இல்லை என்றுதான் சர்வர் சொல்லும்.